புது அகல் எண்ணெய் குடிக்கும்

கார்த்திகைக்கு நாலு நாள் இருக்கும்போதே எங்கள் தெரு விளக்குக் கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். முதல் பாதி சரக்கு விவரம். கிளியாஞ்சட்டி, ஐந்துமுக அகல், மண்ணில் செய்த காமாட்சி விளக்கு, பித்தளைக் குத்துவிளக்கு, மெழுகு அகல், தண்ணீர் ஊற்றினால் ஒளிரும் பேட்டரி விளக்கு என்று நீளும். எண்ணெயில் நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய், தீப எண்ணெய். பின்பாதியை யாரும் படிப்பதில்லை என்பது அவர் வருத்தம்.

அது, "புது அகலை ஊறவைத்து ஏற்றவும்" என்று தொடங்கும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காய்ந்த அகல் ஊற்றிய எண்ணெயை அவற்றின் வழியே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் துளைகளில் நீர் நிரம்பிவிடும், எண்ணெய்க்கு இடம் குறையும். பிறகு மேல் ஈரம் போக நிழலில் உலர்த்தினால் போதும். உட்புறம் ஈரமாக இருந்தால் சுடர் படபடவென்று பொரியும்.

நட்சத்திரக் கணக்கில் 27 விளக்கு ஏற்றும் வீட்டை எடுத்துக்கொள்வோம். சிறிய அகலுக்கு 15 மில்லி வீதம் 405 மில்லி. அரை லிட்டர் பாக்கெட் தாராளம். ஊறவைக்காத வீட்டில் இது போதாது. எண்ணெய் குறையக் குறைய, எரியும் அகலிலேயே பாக்கெட்டைச் சாய்ப்பார்கள். கை சுடுவது பெரும்பாலும் அப்போதுதான். அணைத்துவிட்டு, சிறு கரண்டியால் ஊற்றி, மறுபடி ஏற்றச் சொல்கிறார் கடைக்காரர். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. வழிந்த எண்ணெய் திரி வழியாகத் தீயை வெளியே இழுத்துவரும், தரையும் வழுக்கும். அகலுக்கு அடியில் ஒரு சிறு தட்டு நல்லது.

வரிசையாக வைத்தால் தூரத்து விளக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். எரியும் சுடரைத் தாண்டிக் கை நீட்டினால் தாவணியும் பட்டுப்பாவாடையும் பற்றிக்கொள்ளும். திரைச்சீலை, காய்ந்த தோரணம் இவற்றோடு வாசலில் நிறுத்திய வண்டியையும் அவர் சேர்த்திருந்தது எனக்குப் பிடித்தது. மாடத்தையும் திண்ணையையும் இழந்த வீடுகளில் விளக்குக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் நிற்கிறது.

மெழுகு அகலில் எரிந்த தீக்குச்சியைப் போட்டால் அதுவும் ஒரு திரியாகிவிடும். மெழுகு முழுதும் பற்றும். அதில் தண்ணீர் ஊற்றினால் தீ சீறியெழும். எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடினால் காற்றில்லாமல் அணையும். கையில் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் பேனா மையும் வேண்டாம்.

கடைசி வரி, மிஞ்சிய தீப எண்ணெயைப் பூஜை அலமாரியில் தனியே வைக்கும்படி. பல எண்ணெய் கலந்த அது சமையலுக்கு ஆகாது. கடைக்காரர் வீட்டிலேயே ஒரு வருஷம் அதில் தோசை வார்த்துவிட்டார்களாம்.