ஒரு பத்தி எப்படி வளர வேண்டும்?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் நான் மிகுதியாக எழுதிய குறிப்பு, 'விரிவாக்குக' என்பதே. எப்படி விரிவாக்குவது என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. அது தவறு என்பதை ஒரு மாணவர்தான் எனக்கு உணர்த்தினார்.

குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர் அவர். தேர்வுக்கு முந்தைய பயிற்சிக் கட்டுரையில் ஒரு பத்தியை இப்படி எழுதியிருந்தார்: 'உணவுப்பொருள்களின் விலை உயரும்போது வசதி படைத்தவர்களைவிட ஏழைக் குடும்பங்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. இது பொருளாதாரத்தில் கவனிக்கத்தக்க உண்மையாகும்.' அவ்வளவுதான். கருத்து சரி, பத்தி மெலிந்திருந்தது. வழக்கம்போல் 'விரிவாக்குக' என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுவாரம் அதே பத்தி ஒரு பக்கமாக வளர்ந்து வந்தது. பண்டைக் காலம் முதல் உணவே மனிதனின் அடிப்படைத் தேவை என்று தொடங்கியது. ஏழைகள் துன்பப்படுகின்றனர், அல்லல்படுகின்றனர், வேதனையில் வாடுகின்றனர் என்று ஒரே செய்தி மும்முறை வந்தது. 'ஆகவே, அரசு உடனடியாக விலைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டும்' என்று முடிந்தது. முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த மதிப்பெண் கொடுத்தேன். "ஐயா, நீங்கள்தானே விரிவாக்கச் சொன்னீர்கள்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை.

அந்தப் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று, கருத்து வளராமல் சொற்கள் மட்டும் வளர்ந்தன. இரண்டாவது, தொடங்கிய கருத்து வேறு, முடிந்த கருத்து வேறு. ஏழைகள் அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பது நடப்பதைப் பற்றிய கூற்று. அரசு விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது செய்ய வேண்டியதைப் பற்றிய கூற்று. முதலாவதை முழுமையாக ஏற்பவர்கூட இரண்டாவதை மறுக்கலாம். விலையில் கை வைக்காமல் ஏழைகளுக்கு நேரடி உதவி தரலாம் என்று அவர் வாதிடலாம். இரண்டாவது கூற்றுக்குத் தனிப் பத்தியும் தனிச் சான்றும் வேண்டும்.

மெலிந்த பத்தியைப் படிப்பவரின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. 'எங்கே, காட்டு' என்பது ஒன்று, 'ஏன் அப்படி?' என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டும், இரண்டாவதற்கு ஒரு விளக்கமும் விடையாகும். பத்திக்குத் தேவையான வளர்ச்சி பெரும்பாலும் இவ்வளவே.

எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் கவனம் வேண்டும். அந்த மாணவரோடு அமர்ந்தபோது, அரிசி விலையைச் சொல்லலாம் என்றார். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. அதை உண்ணும் குடும்பத்தைக் கடை அரிசியின் விலை உயர்வு அவ்வளவாகத் தொடாது. கருத்து உண்மையாக இருந்தும் எடுத்துக்காட்டு அதைத் தோற்கடித்திருக்கும். எனவே, கடையில் காசு கொடுத்து வாங்கும் பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் ரூ.15,000, இப்பொருள்களுக்கு அது செலவிடுவது ரூ.7,500. மற்றொரு குடும்பத்தின் வருமானம் ரூ.1,00,000, செலவு ரூ.20,000. இவை கற்பனைக் கணக்குகள் என்பதை 'என்று கொள்வோம்' எனச் சொல்லியே எழுத வேண்டும். புள்ளிவிவரம்போல எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும்.

விலை 10 சதவீதம் உயர்ந்தால் ஏழைக் குடும்பத்துக்குக் கூடுதல் செலவு ரூ.750, வசதியான குடும்பத்துக்கு ரூ.2,000. இங்கே மாணவர் திகைத்தார். கூடுதலாகச் செலவிடுவது வசதியானவர் அல்லவா? எடுத்துக்காட்டை மட்டும் எழுதி நிறுத்தினால் அது நம் கருத்துக்கே எதிராகத் திரும்பும் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. அதைக் கருத்தோடு கட்டி வைப்பதுதான் விளக்கத்தின் வேலை.

பாதிப்பை ரூபாயில் அளக்காமல் வருமானத்தின் பங்காக அளந்தால் முதல் குடும்பம் 5 சதவீதத்தையும், இரண்டாவது 2 சதவீதத்தையும் இழக்கின்றன. இந்த வேறுபாட்டின் காரணத்தைப் பொருளியல் நெடுங்காலமாக அறியும். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல், பெல்ஜியக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து 1857-இல் அதை எடுத்துரைத்தார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்பதே அது. வருமானம் பல மடங்கு பெருகினாலும் வயிறு அத்தனை மடங்கு பெருகுவதில்லை.

முடிவில் பத்தி இப்படி அமைந்தது:

'உணவுப்பொருள்களின் விலை உயரும்போது வசதி படைத்தவர்களைவிட ஏழைக் குடும்பங்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. ரூ.15,000 மாத வருமானம் உள்ள குடும்பம் கடையில் உணவுப்பொருள்கள் வாங்க ரூ.7,500-உம், ரூ.1,00,000 வருமானம் உள்ள குடும்பம் ரூ.20,000-உம் செலவிடுவதாகக் கொள்வோம். விலை 10 சதவீதம் உயர்ந்தால், அதே அளவு பொருள்களை வாங்க முதல் குடும்பம் ரூ.750-உம், இரண்டாவது குடும்பம் ரூ.2,000-உம் கூடுதலாகத் தர வேண்டும். தொகையில் இரண்டாவது பெரிதானாலும், முதல் குடும்பம் தன் வருமானத்தில் 5 சதவீதத்தை இழக்கிறது. இரண்டாவது 2 சதவீதத்தையே இழக்கிறது. உணவுத் தேவை வருமானத்தின் அளவுக்குப் பெருகுவதில்லை; அதனால் வருமானம் குறைந்த குடும்பத்தில் உணவுக்குச் செல்லும் பங்கு பெரிதாக இருக்கிறது, விலை உயர்வின் சுமையும் பெரிதாகிறது.'

'கவனிக்கத்தக்க உண்மையாகும்' என்ற பழைய வாக்கியத்தை நீக்கிவிட்டோம். கவனிக்கத்தக்கது என்பதைக் கணக்கே காட்டிவிட்ட பிறகு அதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய பத்தியைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் படியுங்கள். மறைத்தபின் எதுவும் குறையவில்லை என்றால் அந்த வாக்கியம் வெற்றுச் சொல். பிறகு முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'அதிகம்' என்பது 'மட்டுமே' என்றோ, 'பாதிக்கப்படுகின்றன' என்பது 'அழிகின்றன' என்றோ மாறியிருந்தால், கருத்து நமக்குத் தெரியாமலேயே நழுவிவிட்டது.

பத்தி முடிந்ததும் மாணவர் ஒரு கேள்வி கேட்டார். தன் தந்தை நிலக்கடலை பயிரிட்டு விற்பவர், அவரும் ஏழைதான், கடலை விலை உயர்ந்தால் அவருக்கு நன்மைதானே என்றார். மிகச் சரியான கேள்வி. நம் கருத்து, உணவை விலைக்கு வாங்கும் குடும்பங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். வாங்குவதைவிட அதிகம் விற்கும் உழவருக்குக் கணக்கு மாறும். ஆனால், இதைப் பத்திக்குள் திணித்தால் கருத்தே வேறாகிவிடும். அடுத்த பத்தியின் தொடக்கமாக அதை வைக்கச் சொன்னேன்.

அதற்குப் பின்னர் 'விரிவாக்குக' என்று நான் எழுதுவதில்லை. 'எங்கே? ஏன்?' என்ற இரண்டு சொற்களையே எழுதினேன்.