16 புக்கிங், 12 பத்திரம்

வீடு, மனை விற்கும் நிறுவனங்களுக்கு சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலை கேட்டு வரும் ரெஸ்யூம்களில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: "ஓராண்டில் ₹9 கோடி விற்பனை." தொகை பெரியதுதான். ஆனால் அதை அவர் தனியாக விற்றாரா, குழுவாக விற்றார்களா? அது புக்கிங் கணக்கா, பத்திரம் முடிந்த கணக்கா? இவற்றுக்கு அந்த வரியில் பதில் இல்லை. நல்ல ரெஸ்யூம் இந்தக் கேள்விகளுக்கு இடம் வைக்காது.

உதாரணத்துக்கு, சென்னை ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் சராசரியாக ₹55 லட்சம் விலையில் அடுக்குமாடி வீடு விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் அவர் கைக்கு வந்த விசாரணைகள், அதாவது லீட்கள், 600. அவற்றில் 96 குடும்பங்கள் சைட் விசிட்டுக்கு வந்தன. 16 குடும்பங்கள் அட்வான்ஸ் கொடுத்து புக் செய்தன. 4 புக்கிங் ரத்தாகி, 12 வீடுகள் பத்திரம் வரை போயின. இவர் ₹8.8 கோடி என்றும் எழுதலாம், ₹6.6 கோடி என்றும் எழுதலாம். முதலாவது புக்கிங் கணக்கு, இரண்டாவது பத்திரக் கணக்கு. இரண்டையும் எழுதி, ரத்தான நான்கில் எத்தனை வங்கிக் கடன் கிடைக்காமல் போனது என்பதையும் சேர்ப்பவரைத்தான் நான் முதலில் நேர்காணலுக்கு அழைப்பேன். புக்கிங்குக்கு முன்பே வாங்குபவரின் சம்பளத்தையும் ஏற்கெனவே கட்டிவரும் இஎம்ஐ-யையும் கேட்டு வைத்தால், கடனால் வரும் ரத்து குறையும். அதைக் கற்றுக்கொண்டவர் யார் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

600 லீட்டில் 12 விற்பனை என்றால் 2 சதவீதம். பலர் இதைச் சிறிய எண் என்று நினைத்து மறைக்கிறார்கள். லீட் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே இந்த எண்ணுக்குப் பொருள். இணைய விளம்பரத்தில் போன் நம்பரைப் பதிந்தவர் அதே நாளில் பல பில்டர்களிடம் விசாரித்திருப்பார். ஏற்கெனவே வீடு வாங்கியவர் தன் மைத்துனரை அனுப்பிவைத்தால், அவர் பாதி முடிவோடுதான் வருவார். ஆகவே மொத்தச் சதவீதத்தோடு நிறுத்தாமல், "விளம்பரம் வழியாக 540 லீட், 7 பத்திரம், பழைய வாடிக்கையாளர் பரிந்துரையில் 60 லீட், 5 பத்திரம்" என்று பிரித்து எழுதவேண்டும். பரிந்துரையில் வந்த எண், விற்பவர் மீது மக்கள் வைத்த நம்பிக்கையின் அளவு.

சைட் விசிட் எண்ணில்தான் மிகை அதிகம். குடும்பங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் இடம் பார்க்க வருகின்றன. அழைத்து வந்து, மாதிரி வீட்டைக் காட்டி, கார் நிறுத்தும் இடத்தையும் தண்ணீர் வசதியையும் விளக்கி அனுப்ப இரண்டு மூன்று மணி நேரமாகும். 96 குடும்பம் என்றால் வாரத்துக்குச் சுமார் இரண்டு, நம்பலாம். 900 என்று எழுதினால் வாரத்துக்குப் பதினேழு! ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதல்ல. குழுவின் கணக்கு உள்ளே வந்திருக்கிறது. மனைவி, பெற்றோருடன் மறுபடி பார்க்க வந்தவர்களைத் தனியாக எழுதுவது நல்லது. இரண்டாம் முறை வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்.

உள்ளூர்ச் சந்தை அறிவைப் பொறுத்தவரை, "சென்னைப் புறநகர் நன்கு தெரியும்" என்ற வாக்கியம் வீண். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015 வெள்ளம் புகுந்தது. அங்கே வீடு பார்க்க வருபவர் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்றுதான் கேட்பார். மனை விற்றவரென்றால், 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வந்த வரன்முறைத் திட்டம் தெரிந்திருக்கவேண்டும். எந்த ஊராட்சிகளில் வேலை பார்த்தார், அங்கே வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, பட்டாவும் வில்லங்கச் சான்றும் படித்துச் சொல்லத் தெரியுமா என்பதை இரண்டு வரியில் எழுதினாலே போதும். தனியாக முகவர் தொழில் செய்திருந்தால் தமிழ்நாடு ரெரா பதிவு எண்ணும் வேண்டும். 2016 சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் பதிவில்லாத முகவர் விற்பனைக்கு உதவக்கூடாது.

வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் ரெஸ்யூமில் வரவேகூடாது. திட்டத்தின் பெயர், பிளாக், வீட்டின் வகை, பத்திரமான மாதம் போதும். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுவருவதாகச் சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். நாளை நம் பட்டியலும் இப்படித்தான் வெளியே போகும் என்று அதைப் படிப்பவருக்குத் தோன்றாதா?

எண்களுக்கு ஆதாரம் கேட்டால் சம்பளச் சீட்டைக் காட்டலாம். பல நிறுவனங்களில் இன்சென்டிவ் புக்கிங் அன்று கைக்கு வருவதில்லை; பத்திரம் முடிந்த பிறகோ, வாடிக்கையாளரின் பணம் குறிப்பிட்ட அளவு வந்த பிறகோதான் வரும். ஆகவே 12 பத்திரம் என்று எழுதியவரின் சீட்டுகளில் அந்த மாதங்களை ஒட்டி இன்சென்டிவ் தொகை ஏறியிருக்கும்.