விலைக்கு வெளியே நிற்பவை

காங்கேயத்தில் உள்ள ஓர் எண்ணெய் மில், கோவைப் பட்டறை ஒன்றிடம் 5,000 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குக்கு விலை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறை 3,20,000 ரூபாய் என்று கணக்குப் போடுகிறது. அந்தத் தொகையை மட்டும் மெயிலில் எழுதி அனுப்பினால் தகராறுக்கு விதை போட்டாயிற்று. அந்த விலை எதுவரை செல்லும், எங்கே ஒப்படைப்பார்கள், பணம் எப்போது வரும், எதெல்லாம் இதில் சேராது என்ற நான்கும் கூடவே போக வேண்டும்.

விலை செல்லும் காலத்தை ‘15 நாள்’ என்று எழுதுவதைவிட ‘ஜூன் 30 மாலை வரை’ என்று தேதியாகவே எழுதிவிடுவது நல்லது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி அப்போது எழாது. இந்த டேங்குக்கு ஏறக்குறைய 600 கிலோ தகடு பிடிக்கும். கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினாலே 12,000 ரூபாய் லாபத்திலிருந்து போய்விடும். தகடு வியாபாரி தன் விலையை எத்தனை நாள் பிடித்துவைப்பாரோ, அதற்கு மேல் பட்டறையும் வாக்குக் கொடுக்கக்கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, குறித்த காலம் கடந்தால் அந்த விலை தானாகவே காலாவதியாகிவிடும். காலமே குறிக்கவில்லை என்றால் ‘நியாயமான காலம்’ வரை செல்லும். அது எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும்.

டெலிவரியில் இடம், நாள் இரண்டும் தெளிவாக வேண்டும். ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்றால் பட்டறை வாசலில் ஒப்படைப்பதோடு சரி. லாரி வாடகையும் வழியில் நேரும் சேதமும் வாங்குபவர் பாடு. ‘நான்கு வாரம்’ என்றால் எதிலிருந்து நான்கு வாரம்? அட்வான்ஸ் வந்து, வரைபடத்தில் மில் கையெழுத்துப் போட்ட நாள், இவ்விரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து என்று எழுத வேண்டும். வரைபடம் மில் அலுவலகத்தில் பத்து நாள் கிடந்தால் அந்தத் தாமதம் பட்டறையின் தலையில் விழாது.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஆர்டரோடு 40 சதவீதம், அதாவது 1,28,000 ரூபாய். பட்டறையில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகு, லாரி ஏறும் முன் 50 சதவீதமும் முழு ஜிஎஸ்டியும். மீதி 32,000 ரூபாய் டேங்கை நிறுத்திய பிறகு. இந்தக் கடைசித் தொகைதான் பெரும்பாலும் சிக்கும். மில்லில் அஸ்திவாரமே போடாவிட்டால் டேங்க் வெயிலில் கிடக்கும், பாக்கியும் நிற்கும். அதனால் ‘நிறுத்திய பிறகு, அல்லது டேங்கைப் பெற்ற 30 நாளில், எது முந்தியதோ’ என்று எல்லை கட்ட வேண்டும். பதிவுபெற்ற குறு, சிறு தொழிலுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டமும் துணை நிற்கிறது: சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு பேச முடியாது, மீறினால் வட்டி உண்டு.

நான் அதிகம் வலியுறுத்துவது நான்காவதைத்தான். ‘இதர செலவுகள் தனி’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. அதைப் படிக்கும் மில்காரருக்குத் தான் எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரியாது. இப்படி எழுதலாம்:

‘ஜிஎஸ்டி 18 சதவீதம் (57,600 ரூபாய்), லாரி வாடகை, வழிக் காப்பீடு இந்த விலையில் இல்லை. கான்கிரீட் மேடையைத் தாங்கள் கட்டித்தர வேண்டும். அளவு வரைபடத்தில் உள்ளது. இறக்குவதற்குக் கிரேன் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் வேலை டேங்கின் ஃபிளேஞ்சோடு முடிகிறது. அதற்கப்பால் பைப், வால்வு, மோட்டார் தங்களுடையவை.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எல்லையை ஃபிளேஞ்ச் என்ற கையால் தொடக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறது. ‘பைப் வேலை சேராது’ என்று மட்டும் எழுதினால் டேங்கோடு ஒட்டிய சிறு குழாய் யாருடையது என்று வெல்டரும் மில் ஃபிட்டரும் நின்று பேச வேண்டியிருக்கும். இந்த வரிகளை விலைக்கு அடியிலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். வேறு பட்டறையின் 3,50,000 ரூபாயில் லாரியும் கிரேனும் அடங்கியிருந்தால், எது உண்மையில் மலிவு என்று மில்காரர் கூட்டிப்பார்க்கட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு.

மெயில் போன பிறகு மில்லிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர் வரும். அதன் பின்பக்கத்தில் ‘மில் வாசலில் டெலிவரி, 60 நாளில் பணம்’ என்று அச்சடித்திருக்கலாம். சட்டப்படி, மாற்றத்தோடு வரும் சம்மதம் சம்மதமாகாது. அது மில் தரப்பின் புதிய முன்மொழிவு. அதைப் பார்க்காமல் தகட்டை வெட்டத் தொடங்கினால், அந்த நிபந்தனைகளைப் பட்டறை ஒப்புக்கொண்டதாகவே கொள்ள இடமுண்டு. ஆகவே வெட்டும் முன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்து, மாறுபடும் வரிகளைக் குறிப்பிட்டுப் பதில் மெயில் அனுப்பி, திருத்திய ஆர்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.