ஈறு நோய்க்கும் விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கும் என்ன தொடர்பு? பல் சிகிச்சை எந்த அளவுக்கு உதவும்?

விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்காக மருத்துவரை நாடுபவரிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை விசாரிக்கப்படுவது வழக்கம். ஈறுகளின் நிலை அரிதாகவே கேட்கப்படுகிறது. ஆனால் இரண்டையும் இணைக்கும் பாதை ரத்த நாளங்களின் வழியே செல்கிறது.

விறைப்பு என்பது பெரும்பாலும் ரத்த ஓட்டம் சார்ந்த நிகழ்வு. பாலியல் தூண்டலின்போது நரம்பு முனைகளும் ரத்த நாளங்களின் உட்படலமும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் நாளங்கள் தளர்ந்து விரிய, உறுப்பில் ரத்தம் நிறைகிறது. இதயத் தமனிகளின் விட்டம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆணுறுப்பின் தமனிகளோ 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். உட்படலம் பழுதடையும்போது குறுகிய நாளங்களில் அதன் விளைவு முன்னதாகவே வெளிப்படக்கூடும்.

ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். முற்றிய ஈறு நோயில் அது ஆழமாகிக் கிருமிகளின் உறைவிடமாகிறது. கிருமிகளும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதைக் குறைக்கின்றன என்பதே மருத்துவ உலகின் விளக்கம்.

துருக்கியில் 30 முதல் 40 வயதுடைய ஆண்களிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், குறைபாடு உள்ள 80 பேரில் 53 சதவீதத்தினருக்குக் கடுமையான ஈறு நோய் இருந்தது. குறைபாடு இல்லாத 82 பேரில் இது 23 சதவீதம். இரு பாதிப்புகளும் உள்ள 120 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வில், ஈறு சிகிச்சை பெற்ற 60 பேரின் விறைப்புத்தன்மை மதிப்பெண் 3 மாதங்களில் கூடுதலாக மேம்பட்டது. எனினும் எஞ்சிய 60 பேருக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கையே மதிப்பெண்ணை ஓரளவு உயர்த்தியிருக்கலாம். புகையும் சர்க்கரை நோயும் இரண்டு பாதிப்புகளையும் தனித்தனியே உண்டாக்கக்கூடியவை என்பதால், ஈறு நோய்தான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது.

சிகிச்சையின் முதல் படி, ஈறுக்குக் கீழே வேர்ப்பகுதி வரை படிந்த காரையை அகற்றும் ஆழ்ந்த சுத்திகரிப்பு. சில வாரங்களுக்குப் பின் பள்ளத்தின் ஆழம் மீண்டும் அளக்கப்படும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. உண்மையில் நோயால் ஏற்கெனவே பிடிமானம் இழந்த பல்தான் காரை நீங்கியதும் ஆடுவதாகத் தெரிகிறது. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். எனவே ரத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்வது தவறு.

ஈறு சிகிச்சை விறைப்புக் குறைபாட்டுக்கான மருத்துவத்துக்குத் துணையே அன்றி மாற்று அல்ல. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இதயப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து உட்கொள்பவர்கள் சில்டெனாபில் வகை மாத்திரைகளைச் சேர்த்து உட்கொண்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம்.