கார்னோ கணக்கில் விடையைச் சோதிக்கும் என்ட்ரோபி

வெப்பம் பெயர்ந்தாலும் வெப்பநிலை மாறாத அளவிற்குப் பெரிய பொருளே வெப்பத்தேக்கம் எனப்படும். எனவே அதன் என்ட்ரோபி மாற்றம், பெற்ற வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துக் கிடைப்பதாகும்; வெப்பத்தை இழந்தால் மாற்றம் எதிர்க்குறியுடையது. கடல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. தூத்துக்குடிக் கடற்பகுதியில் கடல் வெப்ப மின்நிலையம் அமைக்கத் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் முயன்றது.

மேற்பரப்பு நீர் 29°C, ஆழ்கடல் நீர் 7°C எனக் கொள்வோம். அதாவது 302 கெல்வின், 280 கெல்வின். கார்னோ பயனுறுதிறன் 22/302, ஏறத்தாழ 7.3 விழுக்காடு. மேற்பரப்பு நீர் 3020 ஜூல் அளித்தால் கிடைக்கும் வேலை 220 ஜூல். ஆழ்நீர் பெறுவது 2800 ஜூல். சுற்று முடிவில் இயந்திரம் தொடக்க நிலைக்குத் திரும்புவதால் அதன் என்ட்ரோபி மாறாது. மேற்பரப்பு நீரின் மாற்றம் −10, ஆழ்நீரின் மாற்றம் +10 ஜூல்/கெல்வின், கூடுதல் சுழி.

தேர்வில் மாணவர் செல்சியஸ் எண்களையே இட்டால் பயனுறுதிறன் 76 விழுக்காடு என வரும். அப்போது ஆழ்நீர் பெறும் வெப்பம் 729 ஜூல். அதன் என்ட்ரோபி உயர்வு 2.6 மட்டுமே. மொத்த மாற்றம் −7.4 ஆகிறது. இரண்டாம் விதி இதனை அனுமதிக்காது. ஆகவே விடை பிழையெனத் தெரிகிறது.

உண்மை இயந்திரம் 3 விழுக்காடே தருமாயின் மொத்த என்ட்ரோபி 0.46 உயரும். இதனை 280-ஆல் பெருக்கினால் இழந்த வேலையான 129 ஜூல் கிடைக்கும்.