மதிப்பு எங்கே நிற்கிறது?

கொரிய நாட்டிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் வந்திருக்கும் இளையோரைத் தமிழ்ப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் வரவேற்கிறார் எனக் கொள்வோம். அவர் உரையின் முதற்றொடர், "எங்கள் பள்ளிக்கு வந்ததை மனமார வரவேற்கிறோம்" என்பது. அதனைக் கொரிய மொழியில், "ஜொஹி ஹக்க்யோஎ ஓஷின் கொசுல் ஜின்சிமுரோ ஹ்வான்யொங்ஹம்னிதா" என்பர். 'ஜொஹி' எங்கள்; 'ஹக்க்யோ' பள்ளி; அதனை அடுத்த 'எ' நம் நான்காம் வேற்றுமை உருபின் இடத்தில் நிற்கிறது. 'ஓஷின் கொசுல்' வந்ததை, 'ஜின்சிமுரோ' மனமார, இறுதியில் வருவது வரவேற்கிறோம் என்னும் வினை. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை.

'வந்ததை' என்பதைப் பிரித்துப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் ஆழமாகத் தெரியும். நம் சொல்லில் வினைப்பகுதியும், காலங்காட்டும் இடைநிலையும், 'அது' என்னும் ஈறும், 'ஐ' உருபும் அடுக்கி நிற்கின்றன. கொரியத்திலும் வினைப்பகுதி 'ஓ', பெயரெச்ச ஈறு 'ன்', 'அது' போன்ற 'கொத்', செயப்படுபொருள் உருபு 'உல்' என அதே வரிசையே அமைகிறது. அந்த 'உல்' உருபிலுள்ள உயிரை நம் குற்றியலுகரம்போல் இதழ் குவியாமல் ஒலித்தால், கொரியர் ஒலிப்புக்கு மிக அருகே வந்துவிடலாம்.

இந்த ஒற்றுமையைக் கண்ட ஹல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், 1905ஆம் ஆண்டில் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். ஆயினும், இவ்விரண்டும் ஒரு தாய்வயிற்று மொழிகள் என்பதை மொழியியலார் ஏற்கவில்லை. உறவை நிறுவச் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக மாறிவரும் ஒலியிணைகள் வேண்டும், அவை கிடைக்கவில்லை. வினை இறுதியில் வரும் சொல்வரிசை துருக்கியிலும் சப்பானியத்திலும் உண்டு. அம்மா, அப்பா என்பவற்றை ஒத்த சொற்கள் கொரியத்தில் இருப்பதும் சான்றாகாது. குழவிவாய் எளிதில் எழுப்பும் அத்தகைய ஒலிகள் உறவற்ற மொழிகள் பலவற்றிலும் பெற்றோரைக் குறிக்கின்றன. ஆகவே வரவேற்புரையில் ஒற்றுமையைச் சொல்லலாம். உடன்பிறப்பு என்று அறிவித்தல் தகாது.

மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் சொல்வரிசை அன்று, மதிப்பு. மேலே பிரித்த 'ஓஷின்' என்பதில் நான் விளக்காது விட்ட 'ஷி' என்னும் இடைநிலை, வந்தவருக்குரிய மதிப்பைக் காட்டுவது. தொடரின் முடிவில் வரும் 'ம்னிதா' கேட்போருக்குரிய மதிப்பைக் காட்டுவது. செயலைச் செய்பவர் ஒருவர், செய்தியைக் கேட்பவர் மற்றொருவர் என இருவரையும் கொரியம் தனித்தனியே எண்ணி மதிக்கிறது. தமிழ் வினைமுற்றின் ஈறு எழுவாயைச் சுட்டுவது. கேட்போருக்கென அதனுள் கட்டாயமாக நிற்கும் தனி உறுப்பு இல்லை.

தலைமையாசிரியர் தொடர்ந்து, "உங்கள் ஆசிரியர் வந்துள்ளார், உங்கள் நண்பர் வந்துள்ளார்" என்கிறார். இரண்டிற்கும் வினை ஒன்றே. கொரியத்தில் ஆசிரியருக்கு, "சொன்செங்நிம்க்கெசொ ஓஷ்யொத்சும்னிதா" என்று சொல்லவேண்டும். இங்கே 'நிம்' மதிப்பு ஒட்டு. 'க்கெசொ' மதிப்புடைய எழுவாய்க்கே உரிய உருபு. வினைக்குள் 'ஷி' ஒலி கலந்து நிற்கிறது. மாணவ நண்பருக்கோ, "ச்சிங்குகா வாத்சும்னிதா" என்பது போதும். 'ஆர்' என்னும் தமிழ் ஈற்றைக் கண்ட இடமெல்லாம் 'ஷி' சேர்ப்பவர், மாணவனை ஆசிரியர் நிலைக்கு உயர்த்திவிடுகிறார். "எங்கள் மாணவர்கள் உங்களுக்கு உதவுவார்கள்" என்பதில் பிழை இன்னும் பெரிது: அங்குள்ள ஈறு பலரைக் குறிப்பதே; அதைக் கண்டு 'ஷி' சேர்த்தால், விருந்தினர்முன் தம் மாணவரையே உயர்த்திப் பேசுவதாக உரை ஆகிவிடும். தலைமையாசிரியர் தம் செயலைச் சொல்லும்போதும் 'ஷி' வரக்கூடாது.

'எங்கள்', 'நம்' என்னும் வேறுபாடும் கவனத்துக்குரியது. 'ஜொஹி' பணிவுச்சொல், கேட்போரை உட்படுத்தாது. 'உரி' என்னும் மற்றொரு சொல் கேட்போரை உட்படுத்தவும் செய்யும், விலக்கவும் செய்யும். எனவே, "இனி இது நம் பள்ளி" என்று தலைமையாசிரியர் நெகிழ்ந்து சொல்வதை 'உரி' மட்டும் முழுமையாகச் சுமக்காது. "உங்களுக்கும் எங்களுக்கும் உரிய பள்ளி" என விரித்தெழுதுவதே நன்று.

கொரியம் அறியாதாரும் ஓர் ஆய்வைச் செய்யலாம். மொழிபெயர்த்த உரையை ஒருவர் படிக்க, தொடர்களின் முடிவை மட்டும் கேளுங்கள். முறையான மேடையுரையில் செய்தித் தொடர்கள் 'ம்னிதா' என்று முடியும். இடையிடையே 'யோ' வருவதும் உண்டு. வெறும் 'தா' என்றே தொடர்கள் முடிந்துகொண்டிருந்தால், அது நாளிதழுக்கும் நூலுக்கும் உரிய எழுத்துநடை. எதிரே அமர்ந்திருப்போரை நோக்கிப் பேசும் நடை அன்று.

உரை எழுதும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மொழிபெயர்ப்பாளரிடம் தாளை மட்டும் தராதீர்கள்; அதில் வரும் ஒவ்வொருவரும் மாணவரா, ஆசிரியரா, உங்கள் பள்ளியினரா, விருந்தினரா என்பதை ஓரத்தில் குறித்துக் கொடுங்கள்.