தண்ணீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது

மதுரையில் இருக்கும் என் அத்தைக்கு 62 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாக இன்சுலின். விரலைக் குத்திக் குத்தி அலுத்துப்போனதால், மருத்துவர் சொன்னபடி மேல்கையின் பின்புறம் சென்சார் ஒன்றை ஒட்டிக்கொண்டார். இரண்டு நாணயங்களை அடுக்கி வைத்தது போன்ற வெள்ளை வில்லை. அதன் நடுவிலிருந்து, முடியைவிடச் சற்றே தடித்த மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் போல இறங்கியிருக்கும். அங்குள்ள திசுநீரில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று அது ஓயாமல் அளந்து செல்போனுக்குச் சொல்லும். அத்தை வாங்கியது லிப்ரே வகை, 14 நாள் உழைக்கும். முதல் சென்சார் நான்கே நாளில் விழுந்துவிட்டது.

"ஏப்பா, தண்ணி பட்டா கெட்டுப் போயிருமாப்பா?" என்று போனில் கேட்டார்.

கெடாது. லிப்ரே சென்சார் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. குழாயடியிலோ ஷவரிலோ குளிப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. அத்தை ஒட்டிக்கொண்டது வியாழக்கிழமை இரவு. மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலத் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரைமணி ஊறி, சீயக்காய் போட்டு, பீர்க்கங்காய் நாரால் கைகளைத் தேய்த்துக் குளித்திருக்கிறார். சனிக்கிழமை ஓரம் தூக்கியது. திங்கட்கிழமை ரவிக்கையைக் கழற்றும்போது சென்சாரும் கூடவே வந்துவிட்டது.

தண்ணீரில் கெடாதது எண்ணெயில் ஏன் கெடுகிறது? சென்சாருக்குள் இருக்கும் மின்சுற்று மூடி அடைக்கப்பட்டது, அதனால் தண்ணீர் உள்ளே போவதில்லை. தோலோடு அதைப் பிடித்து வைத்திருப்பது பசைத்தாள் மட்டும்தான். எண்ணெய் அந்தப் பசைக்கும் தோலுக்கும் நடுவே கசிந்து பிடியை இளக்கிவிடும். ஓரம் கொஞ்சம் தூக்கினாலும் வில்லை அசையத் தொடங்கும், அதனோடு இழையும் அசையும். இழை பாதி வெளியே வந்த சென்சார் உடனே நின்றுவிடுவதில்லை. சிலசமயம் தாறுமாறான எண்ணைக் காட்டிக்கொண்டே ஓடும். விழுந்துவிட்டால் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியபடியே பொய் சொல்லும் சென்சாரை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

இரண்டாவது சென்சாரை அத்தை குளித்த பிறகு ஒட்டிக்கொண்டார். ஒட்டும் இடத்தை வெறும் சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் ஒட்டினார். பவுடரோ லோஷனோ அந்த இடத்தில் படவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் தலைக்கு மட்டும், அதுவும் முன்புறம் குனிந்தபடி. குளித்ததும் அந்த இடத்தைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். மேலே கூடுதலாக டேப் ஒட்டுகிறவர்கள், வில்லையின் நடுவில் இருக்கும் சின்னத் துளையை மூடாமல் ஒட்ட வேண்டும்.

அத்தையின் பேரன் நீச்சல் குளத்துக்குப் போகிறவன். அவனுக்கு இன்னொரு சந்தேகம், சென்சாரோடு நீந்தலாமா என்று. மேலாக நீந்தினால் நீந்தலாம். ஆனால் ஊர்க்கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து அடியைத் தொட்டு வருவதெல்லாம் ஒரு மீட்டர் கணக்கில் வராது. ஆழம் ஒருபக்கம், குதிக்கும்போது தண்ணீர் அறைகிற வேகம் இன்னொரு பக்கம். வேறு சில நிறுவனங்களின் சென்சார்கள் இதைவிட ஆழம் தாங்கும் என்பதால், அவரவர் பெட்டியில் உள்ள கையேட்டைப் பார்த்துக்கொள்வதே சரி.

நீச்சலில் சென்சார் கெடுவதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ப்ளூடூத் அலை தண்ணீருக்குள் போகாது. செல்போனோ கரையில் பைக்குள் கிடக்கும். சர்க்கரை இறங்கினால் அலறவேண்டிய அலாரம் அந்த நேரத்தில் அலறாது. சென்சார் சில மணிநேர அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்திருப்பதால், கரையேறியதும் வரைபடம் நிரம்பிவிடும். ஆனால் அது நடந்து முடிந்த கதை. போதாததற்கு, திசுநீரில் தெரிகிற அளவு ரத்தத்தின் அளவைவிட ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கியே வரும். கை கால் வீசி நீந்தும்போது சர்க்கரை வேகமாக இறங்கும் என்பதால் அந்த இடைவெளி முக்கியம். இன்சுலின் போடுகிறவர்கள் இறங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குளுக்கோஸோ சர்க்கரையோ கரையில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு இறங்க வேண்டும்.

இனி ஸ்கேன். ஒன்பதாம் நாள் அத்தைக்கு முதுகுவலிக்காக எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தது. சங்கிலி, வளையல், தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். பேஸ்மேக்கர் உண்டா என்றும் கேட்டார்கள். கையில் ஒட்டியது அத்தைக்கு நினைவே இல்லை. வலிக்காத பொருள் உடம்பில் இருப்பது ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. ஆஸ்பத்திரி அங்கி மாற்றும்போது நர்ஸ் கண்ணில் பட்டதால் தப்பித்தார்.

எம்ஆர்ஐயில் ஆபத்து கண்கூடானது. அந்தக் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. சென்சாருக்குள் பேட்டரியும் உலோகமும் இருக்கின்றன. காந்தம் அதை இழுக்கலாம், ரேடியோ அலை அதைச் சூடாக்கலாம், மின்சுற்று பழுதாகலாம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் விஷயம் வேறு. அங்கும் கழற்றச் சொல்லியே பல கையேடுகளில் அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு அவை சொல்லும் காரணம், இந்தக் கதிரில் சென்சார் எப்படி இயங்கும் என்று சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான். கட்டாயம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. சோதனை நடந்த பிறகு சில புதிய மாடல்களுக்கு இந்தத் தடையைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். வேறு சில மாடல்களில், படம் எடுக்கும் பகுதிக்கு வெளியே சென்சார் இருந்தால் அதன்மேல் ஈயக் கவசம் போட்டு எடுக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கழற்றாமல் எடுத்தார் என்பது நமக்கு விதியாகாது. வயிற்றுக்கு எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் காந்தமோ எக்ஸ்ரே கதிரோ இல்லாததால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

அவசரத்தில் கழற்றாமலே எக்ஸ்ரே எடுத்துவிட்டால்? பதற வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்பு, சர்க்கரை ஏறவும் இறங்கவும் இல்லாத நேரத்தில், விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். சென்சார் 142 என்றும் மீட்டர் 131 என்றும் காட்டினால் கவலையில்லை, அந்த அளவு வித்தியாசம் சாதாரணம். சென்சார் 64 என்கிறது, மீட்டர் 138 என்கிறது, உங்களுக்கு நடுக்கமோ வியர்வையோ எதுவும் இல்லை, கைகழுவி மறுபடி குத்தினாலும் அதே கதை என்றால், அந்தச் சென்சாரை நம்பாமல் மாற்றிவிடுங்கள். எண்ணே வராமல் திரையில் பிழைச்செய்தி வந்தாலும் அப்படித்தான். கதிர் படாத சென்சார்கூட, அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் அழுத்தத்தில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் அது தானே சரியாகிவிடும்.

அத்தைக்கு அன்று ஐந்து நாள் சென்சார் வீணாயிற்று. கழற்றியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஏனென்றால் இழையைத் தோலுக்குள் கொண்டுபோகும் ஊசி முதல் நாளே அப்ளிகேட்டரோடு போய்விடுகிறது. நாளைத் தள்ளலாம் என்கிற ஸ்கேனாக இருந்தால், சென்சார் முடியும் தேதியைப் பார்த்து அதற்கு மறுநாள் முன்பதிவு செய்யுங்கள். ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் புதியதை ஒட்டிக்கொள்ளலாம். இடைப்பட்ட நேரத்துக்கு குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறை வாசலில் அவர்கள் கேட்காவிட்டாலும், கையில் சென்சார் இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.